நிகழ்ச்சிக்கு என்ன பெயர் வைக்கலாம்? திருகோணமலைச் சமூக வானொலி, காணொளிக் குழுக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் நிகழ்ச்சியைக் கேட்கிறார்கள். ஆனால் பெயரைக் கேட்டால் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. ஏன்?

பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான்.

முதலாவது, கேட்பவர் தொடக்கத்திலிருந்து கேட்பதில்லை. மூதூர் பஸ்ஸில் ஏறும்போது சாரதி ரேடியோவைப் போட்டிருப்பார், உங்கள் நிகழ்ச்சி பாதியைத் தாண்டியிருக்கும். தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தவர் ஏழு நிமிடம் கேட்டுவிட்டு எழுந்து போவார். நீங்கள் பெயரை அழகாகச் சொன்ன முதல் நிமிடம் அவர் காதில் விழவே இல்லை.

இரண்டாவது, விழுந்தாலும் அது வேறு யாருடையதோ போல விழுகிறது. அவர் நிகழ்ச்சியை ரசித்தார், நன்மையும் பெற்றார், பிறகு வீட்டில் "சக்தியில ஒண்டு போச்சுது" என்று சொல்வார். வேலை உங்களுடையது, பெயர் இன்னொரு நிலையத்துக்குப் போய்விட்டது. கவனித்துப் பாருங்கள், இது அடிக்கடி நடக்கிறது.

அலை, தென்றல், குரல், சுடர், விடியல் எல்லாம் நல்ல சொற்கள்தானே? அவற்றை ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

நல்ல சொற்கள்தான். அதனால்தான் எல்லோரும் எடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் தென்றல் என்றால் காதுக்கு முதலில் வருவது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் வர்த்தக சேவை. சூரியன், சக்தி, வசந்தம், வெற்றி எல்லாம் நிலையங்களின் பெயர்கள். விடிவெள்ளி என்று பத்திரிகை இருக்கிறது. இவற்றில் ஒன்றை உங்கள் பெயருக்குள் போட்டால், கேட்பவர் மனது பழைய சொந்தக்காரரிடம்தான் போகும்.

"மக்கள் குரல்", "இளைஞர் குரல்", "பெண்கள் குரல்" என்று வைக்கும்போது இன்னொரு சிக்கல். முதல் சொல்தான் வித்தியாசம், காதில் நிற்பதோ கடைசிச் சொல். மூன்று நிகழ்ச்சியும் "குரல்" என்றே ஞாபகத்தில் தங்கும். ஒரே நிலையத்தில் இப்படி இரண்டு இருந்தால், ஒன்றுக்கு வரும் பாராட்டும் முறைப்பாடும் மற்றதற்குப் போகும்.

பழைய இலங்கை வானொலித் தமிழ்ச் சேவையின் பெயர்களை நினைத்துப் பாருங்கள். "பொங்கும் பூம்புனல்" என்பதில் பொ, பூ என்று மோனை விழுகிறது, உதடு மூடித் திறக்கும் ஒலிகளே நிறைந்திருக்கின்றன. ஒருமுறை வாயால் சொன்னால் போதும். "இசையும் கதையும்" என்பதில் இயைபு. அத்தோடு, கதையும் இடையில் பாட்டும் வரும் என்று உள்ளே இருப்பதை அப்படியே சொல்லிவிடுகிறது. "நீங்கள் கேட்டவை" என்பதில் ஓர் அலங்காரமும் கிடையாது, நேயர் விருப்பம் என்பதை நேயரிடமே பேசுகிற மாதிரிச் சொல்கிறது. மூன்றும் மூன்று வழி. ஆனால் மூன்றிலும் பெயரே வாயில் வரும் ஒரு பேச்சுத் துண்டு. அழகான சொல்லாகத் தேடி எடுத்து ஒட்டியது அல்ல.

நீங்கள் உங்கள் நிகழ்ச்சிக்குப் பெயர் பிடித்த விதத்தைச் சொல்லுங்கள்.

எங்களுடையது மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர்களுக்கான அதிகாலை நிகழ்ச்சி, அரை மணித்தியாலம். காற்று, கடல் நிலை, சந்தை விலை, காணாமற்போன வலை பற்றிய அறிவித்தல், இடையில் இரண்டு பாட்டு. கேட்பவர்கள் குச்சவெளி, நிலாவெளி, சாம்பல்தீவு, நகரத்துக் கரையோரம், கின்னியா, மூதூர், சம்பூர் என்று பரந்திருந்தார்கள். தமிழர், முஸ்லிம்கள் இரு பகுதியினரும்.

முதலில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து யோசித்தோம். அப்படி வந்தவை எல்லாம் பாட்டுப் புத்தகப் பெயர்கள். பிறகு கரைக்குப் போய் அவர்களுடைய சொற்களையே எடுப்போம் என்று முடிவெடுத்தோம். நல்ல முடிவு. ஆனால் அதிலும் இரண்டு முறை சறுக்கினோம்.

ஒன்று "வாடி". கரையில் வலையும் இயந்திரமும் வைத்து, படுத்து எழும்புகிற குடிசை. சொல் கரைவலைக்காரர் எல்லோருக்கும் சொந்தம், இரண்டே எழுத்து, எழுதிப் பார்க்க அருமையாக இருந்தது. ஒத்திகையில் அறிவிப்பாளர் "அடுத்து, வாடி" என்றார். கட்டுப்பாட்டு அறையில் இருந்த பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். வானொலியில் எழுத்து இல்லை, குரல் மட்டும்தான். குடிசையா, ஒரு பெண்ணை மரியாதையில்லாமல் கூப்பிடுவதா என்று காதுக்குத் தெரியாது. அந்த இடத்திலேயே விட்டுவிட்டோம்.

அடுத்தது "கச்சான்". கச்சான் காற்று எங்கள் கரையில் ஒரு காலத்தையே குறிக்கிற சொல். தொழில் செய்பவருக்குக் கேட்டவுடன் புரியும். ஆனால் பட்டணத்தில் கச்சான் என்றால் வறுத்த கடலை. மேலும் ஓர் இடைஞ்சல்: அது ஒரு பருவத்தின் காற்று. வருடக் கடைசியில் வாடைக்காற்று வீசிக் கடல் கொந்தளித்துக் கரைவலையை ஏற்றி வைத்திருக்கும்போது "கச்சான்" என்று நிகழ்ச்சி நடத்துவது பொருந்தாது. வருடம் முழுவதும் போகிற நிகழ்ச்சிக்குப் பருவத்தின் பெயர் வைக்கக் கூடாது என்று அப்போதுதான் படித்தோம்.

பெயர் கிடைத்தது தற்செயலாக. விடியற்காலையில் ஒலிப்பதிவுக் கருவியோடு உப்புவெளிப் பக்கம் நின்றோம். கரைக்கு வந்து இழுத்து விட்ட ஒரு படகைப் பார்த்து, போகத் தயாராக நின்ற பெரியவர் கேட்டார்: "தம்பி, கடல் எப்பிடி?" வந்தவர் தலையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வெளியில இழுக்குது அண்ணை. கரைக்குப் பரவாயில்ல." அவ்வளவுதான். அன்று காலை அதே கேள்வியை இன்னும் பலர் கேட்டதைக் கேட்டோம். அடுத்த கிழமை கின்னியாவில், "காக்கா, கடல் எப்பிடி?" என்று அதே கேள்வி.

"கடல் எப்படி?" என்று வைத்தோம். எங்கள் அரை மணித்தியாலம் முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான். வளிமண்டலவியல் திணைக்கள அறிக்கை "காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரையிலான கடற்பரப்பில்" என்று தொடங்கும். அது அதிகாரபூர்வ மொழி, அதை அப்படியே வாசிக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன் பெயர் ஒரு மனிதர் மற்றவரிடம் கேட்பதுபோல நிற்பதால், வாசிக்கும் அறிக்கையும் அவருக்கான பதிலாகக் கேட்கிறது.

பெயரில் "திருமலை" என்று ஊரைச் சேர்த்தால் நம்முடையது என்று தெரியுமே?

வானொலியில் பெரும்பாலும் தேவையில்லை. கேட்கும் எல்லைக்குள் இருப்பவருக்கு ஊர் தெரியும். மேலும், "திருமலை" என்றால் கின்னியாவிலும் மூதூரிலும் இருப்பவர் பல வேளைகளில் டவுனைத்தான் நினைப்பார். மாவட்டம் முழுவதையும் சேர்க்க நினைத்து வைத்த பெயர், குடாவுக்கு அந்தப் பக்கம் இருப்பவரை வெளியே நிறுத்திவிடும். கோயில், பள்ளிவாசல், கோட்டை பெயர்களிலும் இதே கவனம் தேவை. கோணேசர் பெயரில் ஒரு பக்தி நிகழ்ச்சி வைத்தால் அது சரியான பெயர். எல்லோருக்குமான மீன்பிடி நிகழ்ச்சிக்கு வைத்தால் பாதிப் பேர் தமக்கில்லை என்று நினைத்துக் கடந்துபோவார்கள்.

காணொளியில் சிக்கல் வேறு. யூடியூபில் "திருமலை" என்று தேடிப் பாருங்கள். திருப்பதி மலைதான் வந்து நிற்கும், அதே பெயரில் ஒரு சினிமாவும் இருக்கிறது. ஊர் தேவையென்றால் தலைப்பிலோ விவரத்திலோ "திருகோணமலை" என்று முழுதாக எழுதுங்கள். குறிப்பிட்ட பகுதிக்கான நிகழ்ச்சியானால் கொட்டியாரம், தம்பலகாமம், வெருகல் போன்ற பெயர்கள் வலுவானவை. கலப்பில்லாமல் அந்த இடத்தையே காட்டும்.

அறிவிப்பாளர் சொல்லும்போது பெயர் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வருகிறது. அது பிரச்சினையா?

ஆம், தமிழில் இது பெரிய பிரச்சினை. பெயர் வைக்கும்போது யாரும் யோசிப்பதில்லை.

நம் சொற்கள் உருபு ஏறும்போது உருவம் மாறும். "முற்றம்" என்று ஒரு நிகழ்ச்சி வைத்தீர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். "முற்றத்தில் இன்று", "முற்றத்துக்கு எழுதுங்கள்", "முற்றத்தைத் தொடர்ந்து கேளுங்கள்" என்று அறிவிப்பாளர் சொல்வார். நேயர் காதில் விழுவது முற்றத்தி, முற்றத்து, முற்றத்தை. "முற்றம்" என்ற பெயர் ஒருமுறைகூட முழுதாக விழவில்லை. "ஆறு" என்றால் "ஆற்றில்", "வீடு" என்றால் "வீட்டில்". ம், டு, று என்று முடியும் பெயர்கள் பலவும் இப்படித்தான்.

இதற்கு இரண்டு வழிகள். உருபு ஏறினாலும் உடையாத பெயரை எடுக்கலாம். "கரை" என்றால் "கரையில்", "கரைக்கு" எதிலும் கரை அப்படியே நிற்கும். அல்லது பெயரைத் தொடாமல் உருபைப் பின்னால் உள்ள சொல்லுக்குக் கொடுக்கலாம்: "முற்றம் நிகழ்ச்சியில்", "கடல் எப்படி நிகழ்ச்சிக்கு". எங்கள் பெயர் ஒரு கேள்வி வாக்கியம் என்பதால் இரண்டாவது வழி கட்டாயமாகிவிட்டது. அதை ஒரு தாளில் எழுதி ஒலிவாங்கிக்கு முன்னால் ஒட்டி வைத்தோம்.

வாக்கியத்தில் பெயர் வரும் இடமும் முக்கியம். "நீங்கள் கடல் எப்படி நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்" என்றால் பெயர் நடுவில் புதைந்து, காதில் கடைசியாக நிற்பது "இருக்கிறீர்கள்". அதற்குப் பதில்: "நேரம் ஐந்து இருபது. இது, கடல் எப்படி?" பெயருக்குப் பிறகு அரை விநாடி அமைதி. அந்த அமைதியில்தான் பெயர் பதிகிறது.

எங்கள் பெயரில் ஒரு குறை இருந்ததையும் சொல்ல வேண்டும். வேகமாகச் சொன்னால் "கடலெப்படி" என்று ஒட்டிக்கொள்ளும். கடலுக்குப் பிறகு மிகச் சிறிய இடைவெளி விட அறிவிப்பாளர்களுக்குப் பழக்க வேண்டியிருந்தது.

எழுத்தில் "எப்படி", பேச்சில் "எப்பிடி". எதை வைப்பது?

எழுதும்போது எழுத்து வழக்கு, பேசும்போது வாயில் வருவது. ஒருவரும் குழம்பவில்லை. பேச்சு உச்சரிப்பை எழுத்திலும் வைத்தால், யாழ்ப்பாணத்தவர் ஒரு விதம், மட்டக்களப்பார் ஒரு விதம் என்று தேடுபவர்கள் பிரிந்துபோவார்கள். ல, ள, ழ கலக்கும் சொற்களையும் பெயரில் தவிர்ப்பது நல்லது. எழுதும்போது தடுமாறுகிற பெயரைத் தேடும்போதும் தடுமாறுவார்கள்.

பெயர் நன்றாக இருக்கிறதா என்று ஒலிபரப்புக்கு முன் எப்படிச் சோதிப்பது?

நண்பர்களிடம் "பெயர் பிடிச்சிருக்கா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் பிடித்திருக்கிறது என்பார்கள். நாங்கள் செய்தது இது.

மூன்று பெயர்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பதினைந்து விநாடித் துண்டு பதிவு செய்தோம். கொஞ்சம் கடல் சத்தம், நேரம், பெயர், ஒரு செய்தி வரி. அதை நல்ல ஸ்பீக்கரில் போடவில்லை. சாதாரணக் கைத்தொலைபேசியின் சிறிய ஸ்பீக்கரில், படகு இயந்திரம் ஓடுகிற இடத்தில் போட்டோம். ஒருவருக்கு ஒரு பெயர் மட்டும், ஒரே தடவை. பெயரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் அதே ஆளிடம், "நேத்துக் கேட்டியள், அது என்ன நிகழ்ச்சி?" என்றோம்.

பதிலை அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டோம், திருத்தவில்லை. பெயரைச் சரியாகச் சொன்னவர் ஒரு பக்கம். வேறு நிலையத்தின் பெயரைச் சொன்னவர் இன்னொரு பக்கம், இதுதான் மோசமான விடை. மூன்றாவது வகையும் உண்டு: பெயரைப் பிழையாகச் சொன்னாலும் நம்மைத்தான் குறிக்கிறார். ஒருவர் "அந்தக் கடல் கேள்வி" என்றார். அது வெற்றிதான். மறந்தாலும் கிட்டத்தட்டச் சொல்ல முடிகிற பெயர் தப்பிவிடும். மற்ற இரண்டு பெயர்களுக்கும் "ஏதோ அலை", "விடியலோ என்னவோ" என்றுதான் வந்தது.

தொலைபேசியிலும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். சாதாரணத் தொலைபேசி அழைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையான ஒலியைத்தான் கடத்துகிறது. ஸ், ஷ், ஃப் போன்ற ஒலிகளின் சத்து அதற்கு மேலேயும் இருப்பதால், அவற்றை நம்பி நிற்கும் பெயர்கள் மங்கிப்போகும். நேயர் அழைத்து "நான் எந்த நிகழ்ச்சிக்குப் பேசுறன்?" என்று கேட்டால் அதுவே அறிகுறி. ஆ, ஓ போன்ற நெடில்கள் இரைச்சலையும் தாண்டிப் போகும்.

அரை மணித்தியாலத்தில் எத்தனை தடவை பெயர் சொல்வது?

தொடக்கம், முடிவு, ஒவ்வொரு பாட்டுக்கும் பிறகு. எங்களுக்கு நாலு தடவை வந்தது. நாலு தடவையும் அதே சொற்கள், அதே ஒலிக்குறிப்பு. அறிவிப்பாளருக்குச் சலிக்கும், ஆனால் கேட்பவர் அதை ஒரு தடவைதான் கேட்கிறார்.

வானொலிப் பெயரையே யூடியூபுக்கும் வைக்கலாமா?

வைக்கலாம், வைக்கத்தான் வேண்டும். சிக்கல் ஆங்கில எழுத்தில். ஒரே பெயரை ஒருவர் kadal eppadi என்று தட்டுவார், இன்னொருவர் kadal epdi, வேறொருவர் kadal eppidi. ஒன்றைத் தேர்ந்து முகவரிப் பெயராக (நாங்கள் kadaleppadi என்று எடுத்தோம், யூடியூபில் அது 3 முதல் 30 எழுத்துக்குள் இருக்க வேண்டும்) எல்லா இடத்திலும் அதையே வையுங்கள். மற்ற எழுத்துமுறைகளைச் சேனல் விவரத்தில் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

தலைப்புக்கு 100 எழுத்துகள் இடம் உண்டு என்பார்கள். தமிழில் அது பார்ப்பதைவிடக் குறைவு, ஏனென்றால் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். "எப்படி" நமக்கு நாலெழுத்து, கணினிக்கு ஆறு. கைத்தொலைபேசியில் தலைப்பின் முன்பகுதிதான் தெரியும் என்பதால், இடத்தை இப்படிப் பிரியுங்கள். அன்றைய விஷயம் முதலில், நிகழ்ச்சிப் பெயர் கடைசியில்: "குச்சவெளியில் வலை ஏற்றியாச்சு | கடல் எப்படி?" பெயரை முகப்புப் படத்தில் ஒரே மூலையில், ஒரே நிறத்தில் வையுங்கள். கண் அதைப் படமாகவே அடையாளம் காணும்.

கார் ரேடியோத் திரையில் நிகழ்ச்சிப் பெயர் வர வேண்டும் என்று சொல்கிறார்கள். முடியுமா?

நிலையத்தில் ஒலியோடு எழுத்தையும் அனுப்பும் ஆர்டிஎஸ் வசதி இருந்தால் முடியும். நிலையப் பெயருக்கு 8 எழுத்து இடம்தான், அதை நிலையத்துக்கே விட்டுவிடுங்கள். அதன் கீழ் ஓடும் செய்தி வரியில் 64 எழுத்து உண்டு, நிகழ்ச்சிப் பெயர் அங்கே போகலாம். தமிழ் எழுத்து வராது, ஆங்கில எழுத்தில்தான். யூடியூபில் வைத்த அதே எழுத்துமுறையை இங்கும் கொடுங்கள்.

நேரத்தையோ நடத்துபவர் பெயரையோ வைக்கலாமா?

வேண்டாம். "ஐந்து மணி..." என்று வைத்த பிறகு நிலையம் உங்களை ஐந்தரைக்கு நகர்த்தும். தன்னார்வ அறிவிப்பாளர் வேலை கிடைத்துக் கொழும்புக்குப் போவார்.

ஏற்கெனவே ஒரு பெயரில் ஒரு வருடம் போய்விட்டது. இப்போது மாற்றினால் உள்ளவர்களும் போய்விடுவார்களா?

முதலில் ஒன்றைக் கவனியுங்கள்: நேயர்கள் உங்களை இப்போது என்ன சொல்லிக் குறிக்கிறார்கள்? அழைப்புகளையும் வாட்ஸ்அப் குரல் செய்திகளையும் இரண்டு கிழமை கேட்டு எழுதுங்கள். பல வேளைகளில் அவர்களே ஒரு பெயர் வைத்திருப்பார்கள். "அந்த மீன் விலை சொல்ற நிகழ்ச்சி" என்று பலரும் சொன்னால் "மீன் விலை" என்பதை விட்டு வேறெங்கும் தேட வேண்டாம்.

மாற்றுவதென்றால் பெயரை மட்டும் மாற்றுங்கள். நேரம், குரல், தொடக்க இசை மூன்றையும் அப்படியே விடுங்கள். நேயர் உண்மையில் அடையாளம் காண்பது அந்த இசையைத்தான். ஒரு மாதம் இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள், புதியது முன்னால்: "இது, கடல் எப்படி? முன்பு நீங்கள் கேட்ட..." என்று பழைய பெயர். மாதம் முடிந்ததும் பழையதை நிறுத்திவிடுங்கள். யூடியூபில் பழைய காணொளிகளின் தலைப்பை மாற்ற வேண்டியதில்லை, சேனல் விவரத்தில் பழைய பெயரை ஒரு வரியாக விட்டு வைத்தால் தேடி வருபவர் வந்து சேர்வார்.